மடிப்பில் மறைந்த ஒரு வரியும் மூலையில் இருந்த ஒரு சொல்லும்

"ஐயா, கோவையில் ஓர் இயந்திர உதிரிபாகக் கம்பெனியில் ஏப்ரலில் சேர்ந்தேன். ஆஃபர் லெட்டரில் வருடத்துக்கு 9 லட்சம் என்று போட்டிருந்தார்கள். மாதம் 75,000 வரும் என்று நினைத்தேன். வந்தது 63,379. செப்டம்பரில் அதுவும் குறைந்து 59,829 தான் வந்தது. ஹெச்ஆரில் கேட்டால் 'ஸ்லிப்பிலேயே எல்லாம் இருக்கே' என்கிறார்கள். ஸ்லிப்பைப் பேப்பரில்தான் தருகிறார்கள். போனில் எடுத்த படத்தையும் ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தையும் அனுப்பியிருக்கிறேன். மடிப்பில் பிஎஃப் வரி சரியாகத் தெரியவில்லை. இதற்கு முன் ஒரு சின்னக் கம்பெனியில் மார்ச் வரை இருந்தேன், அங்கே பேசிக் 12,000. இப்போது மாதம் 12,000 வாடகை கொடுக்கிறேன். பிடித்ததில் எது என் பணம், எது போன பணம் என்று சொல்ல முடியுமா?"

தம்பி,

முதலில் ஒரு சின்னக் கண்டிப்பு. மறைந்திருக்க வேண்டிய பான் எண், வங்கிக் கணக்கு எண், பிஎஃபுக்கான பன்னிரண்டு இலக்க யூஏஎன் எண் மூன்றும் உங்கள் படத்தில் பளிச்சென்று தெரிகின்றன. தெரிய வேண்டிய பிஎஃப் வரிதான் மடிப்பில் போய்விட்டது. தொகைகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு படத்தை அழித்துவிட்டேன். இனி யாருக்கு அனுப்பினாலும் அந்த மூன்றின் மேலும் துண்டுக் காகிதம் வைத்து மறைத்துவிட்டுப் படம் எடுங்கள். எடுத்த பிறகு போனில் கறுப்புக் கோடு கிறுக்கி மறைக்கிறவர்கள் உண்டு. சில பேனாக்களின் மை அரைகுறையாகத்தான் மறைக்கும், வெளிச்சத்தைக் கூட்டினால் எண் அடியில் தெரிந்துவிடும்.

சரி, சம்பளச் சீட்டுக்கு வருவோம். சாய்வாக எடுத்த படத்தில் கண்ணை நம்பக் கூடாது. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பிடித்தம் என்று இரண்டும் ஒரே வரிசையில் அச்சாகியிருக்கும். படம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் பார்வை ஒரு வரி கீழே இறங்கி, தொழில்வரியின் தொகையைப் பிஎஃப் என்று படித்துவிடுவோம். அதனால் நான் எந்தச் சீட்டையும் மேலிருந்து படிப்பதில்லை, கீழே இருக்கும் மூன்று கூட்டுத்தொகைகளிலிருந்து தொடங்குவேன். உங்களுடையதில் மொத்த வரவு 68,730, மொத்தப் பிடித்தம் 8,901, கையில் 59,829. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மூன்றாவது வருகிறது. ஆக, இந்த மூன்றையும் சரியாகத்தான் படித்திருக்கிறோம்.

இப்போது மடிப்பை விரிக்கலாம். பிடித்தம் பக்கத்தில் தொழில்வரி 1,250, வருமான வரிக்காகப் பிடிக்கும் டிடிஎஸ் 5,851 என்ற இரண்டும் தெளிவாக இருக்கின்றன. 8,901-இல் இவற்றைக் கழித்தால் மிச்சம் 1,800. மடிப்புக்குள் போன பிஎஃப் தொகை அதுதான். அது வேறு எந்தத் தொகையாக இருந்திருக்கலாம் என்றும் பார்த்துவிடுகிறேன். உங்கள் பேசிக் முழுவதற்கும் 12 சதவீதம் பிடித்திருந்தால் அந்த மாதம் 3,480 வந்திருக்க வேண்டும், அதைப் போட்டால் கூட்டல் இடிக்கிறது. 1,800 ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வரவுப் பக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு தொகை இருப்பதைக் கவனித்தீர்களா? பேசிக்குக்கு எதிரே 30,000 என்றும் 29,000 என்றும் இருக்கிறது. முதலாவது பேசிய சம்பளம், இரண்டாவது அந்த மாதம் உழைத்து ஈட்டியது. வீட்டு வாடகைப்படி 15,000, அது 14,500 ஆகியிருக்கிறது. ஸ்பெஷல் அலவன்ஸ் 26,100, அது 25,230. எல்லா வரியும் ஒரே விகிதத்தில், முப்பதில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. மேலே பெயருக்குப் பக்கத்தில் 'எல்ஓபி 1' என்று இருப்பதற்கு இதுதான் அர்த்தம். செப்டம்பரில் ஒரு நாள் லீவு உங்கள் கணக்கில் இல்லாத லீவாகப் போயிருக்கிறது. அதன் விலை 2,370 ரூபாய். அந்த நாள் நீங்கள் வேலைக்கு வந்திருந்தால், அல்லது லீவு மிச்சம் இருந்தால், ஹெச்ஆரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். கைரேகை இயந்திரம் ஒரு நாள் பதியாமல் போனாலும் சீட்டில் இப்படித்தான் வரும்.

செப்டம்பரில் குறைந்த 3,550 ரூபாயின் கணக்கு இத்தோடு ஏறக்குறைய முடிந்தது. லீவுக்கு 2,370, தொழில்வரிக்கு 1,250, இரண்டும் சேர்ந்து 3,620. டிடிஎஸ் முந்தைய மாதங்களின் 5,921-இலிருந்து 5,851 ஆகி எழுபது ரூபாய் திரும்பி வந்திருக்கிறது. அதைக் கழித்தால் 3,550.

தொழில்வரி பற்றி இரண்டு வார்த்தை போதும். அது வருமான வரி இல்லை, டெல்லிக்கும் போகாது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒருமுறை வாங்குவது, உங்களுக்கு மாநகராட்சி. வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்க அரசியல் சட்டமே இடம் தருவதில்லை. அதில் பாதிதான் இந்த 1,250. அடுத்த அரையாண்டுக்கும் ஒருமுறை பிடிப்பார்கள், அந்த மாதமும் சம்பளம் இப்படிக் குறையும். பதறாதீர்கள். இந்தப் பணம் திரும்ப வராது.

இனி அந்த 75,000. ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் விடை இருக்கிறது. கம்பெனி உங்களுக்காக மாதம் செய்யும் செலவு 75,000. அதில் சீட்டில் வரவாக வருவது 71,100. மீதி 3,900-ஐ மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பிஎஃபுக்குக் கம்பெனியின் பங்கு, அதன் நிர்வாகக் கட்டணம், அதோடு வரும் ஆயுள் காப்பீட்டுக் கட்டணம் சேர்ந்து 1,950. கிராஜுட்டி 1,443. மருத்துவக் காப்பீடு 507. இந்த மூன்றும் உங்கள் சம்பளச் சீட்டுக்குள் வரவே வராது. சீட்டில் பிடித்தார்கள் என்றும் சொல்ல முடியாது, தொடங்குவதே 71,100-இலிருந்துதான்.

கிராஜுட்டியைச் சம்பளம் என்று எழுதுவதில் எனக்கு எப்போதும் ஒரு வருத்தம் உண்டு. உங்கள் லெட்டரில் ஒரு வருட வேலைக்குப் பதினைந்து நாள் பேசிக், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் பேசிக்கில் 4.81 சதவீதம், உங்களுக்கு 1,443. ஆனால் ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால்தான் பொதுவாக அது கைக்கு வரும். மூன்றாம் வருடம் வேறு கம்பெனிக்குப் போனால் அந்த 1,443 எல்லாம் ஆஃபர் லெட்டரில் மட்டும் இருந்த பணம். இன்னொரு கம்பெனியின் ஆஃபரை ஒப்பிடும்போது இந்த வரியை அடித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

பேசிக் என்பது ஏன் தனி வரி, எல்லாம் சேர்த்து 71,100 என்று போட்டால் என்ன என்று கேட்கலாம். பேசிக்கை அளவுகோலாக வைத்துத்தான் பல கணக்குகள் ஓடுகின்றன. உங்கள் லெட்டரில் கிராஜுட்டி அதில்தான். பெரும்பாலான கம்பெனிகளில் லீவைப் பணமாக்குவதும் அதில்தான். வருமான வரியில் பழையது, புதியது என்று இருக்கும் இரண்டு முறைகளில், பழையதில் வாடகைக்கான விலக்கும் அதை வைத்துத்தான். பேசிக் குறைந்தால் கம்பெனிக்கு இந்தச் செலவுகள் குறையும். மிச்சத்தை நிரப்ப ஒரு வரி வேண்டும், அதற்குத்தான் ஸ்பெஷல் அலவன்ஸ். பெயரில்தான் சிறப்பு, உண்மையில் எந்தச் சிறப்புக் காரணமும் இல்லாத தொகை அது. பேசிக்கையும் வாடகைப்படியையும் முதலில் தீர்மானித்துவிட்டு, பேசிய சம்பளத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதை அங்கே போட்டுவிடுவார்கள். வருமான வரி அதற்கு முழுமையாக உண்டு. உங்கள் வாடகைப்படி சரியாகப் பேசிக்கில் பாதி. அதிகச் சிந்தனை இல்லாமல் வழக்கமாகப் போடும் அளவு, தவறில்லை.

பிஎஃபுக்கு வருகிறேன். சட்டப்படி தொழிலாளி பங்கு பேசிக்கும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம், கம்பெனியும் அதே அளவு போட வேண்டும். ஆனால் கட்டாயம் என்பது 15,000 ரூபாய் சம்பளம் வரைக்குந்தான். 2014 செப்டம்பரில் வைத்த உச்சவரம்பு அது. அதற்கு மேலே பேசிக் இருந்தால், முழுப் பேசிக்குக்கும் கட்டுவதா 15,000-க்கு மட்டும் கட்டுவதா என்பது கம்பெனியின் ஏற்பாடு. உங்கள் கம்பெனி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. 15,000-இல் 12 சதவீதம் 1,800. ஒரு நாள் சம்பளம் போயும் பிஎஃப் குறையாததற்கும் இதுவே காரணம், 29,000 ஆனாலும் 15,000-ஐவிட அதிகந்தானே.

இந்த 1,800 உங்கள் பணம். கம்பெனி போடும் 1,800-உம் உங்களுக்காகத்தான், ஆனால் அது முழுதாக ஒரே இடத்துக்குப் போகாது. பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்தால் உங்கள் பங்கு 1,800 என்றும் கம்பெனி பங்கு 550 என்றும் இருக்கும். இதைப் பார்த்துவிட்டு, கம்பெனி 1,250-ஐச் சுருட்டிவிட்டது என்று எனக்குக் கடிதம் எழுதியவர்கள் பலர். அதே வரியில் வலப்பக்கம் கடைசிக் கட்டத்தில் பென்ஷன் என்று 1,250 இருக்கும். கம்பெனி பங்கில் 8.33 சதவீதம், அதிகபட்சம் 1,250, ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. மிச்சம்தான் உங்கள் பிஎஃப் கணக்கில் சேரும் 550. பிஎஃப் கணக்கில் வட்டி ஏறும், 2024-25-க்கு 8.25 சதவீதம். பென்ஷன் கட்டத்துக்கு வட்டி கிடையாது. பத்து வருடம் சேவை முடிந்தால்தான் அது 58 வயதில் மாத ஓய்வூதியமாக மாறும்.

இங்கே ஒரு நுணுக்கம். முதல் வேலையிலேயே 15,000-க்கு மேல் பேசிக் வாங்கி, 2014 செப்டம்பருக்குப் பிறகு பிஎஃபில் சேர்ந்தவர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் கிடையாது. அவர்களுக்குக் கம்பெனி பங்கு 1,800-உம் பிஎஃபிலேயே சேர வேண்டும். நீங்கள் முந்தைய வேலையில் 12,000 பேசிக்கில் இருந்தபோதே பிஎஃபில் இருந்திருந்தால், பழைய உறுப்பினராகத் தொடர்கிறீர்கள், 550-உம் 1,250-உம் என்ற பிரிப்பு சரி. ஆனால் அதற்குப் பழைய யூஏஎன்தான் இங்கேயும் ஓட வேண்டும். பழைய சீட்டு ஒன்று வீட்டில் இருந்தால் எடுத்து, பன்னிரண்டு இலக்கமும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறாக இருந்தால் கம்பெனி புதிதாக ஒன்று எடுத்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பழைய வேலையின் சேவை தனியாகக் கிடக்கும், பத்து வருடக் கணக்கில் சேராது.

உங்களுக்கு இல்லாவிட்டாலும் உங்கள் பழைய நண்பர்களுக்காக இதையும் எழுதுகிறேன். மொத்தம் 18,000 சம்பளத்தில் பேசிக் 9,000, ஸ்பெஷல் அலவன்ஸ் 9,000 என்று பிரித்து, பேசிக்குக்கு மட்டும் 1,080 ரூபாய் பிஎஃப் கட்டும் சீட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் மாதாமாதம் பொதுவாகக் கொடுக்கும் படியைப் பேசிக்கோடு சேர்த்துத்தான் பிஎஃப் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 28-இல் தீர்ப்பளித்தது. அந்தச் சீட்டில் பிஎஃப் 15,000-க்குக் கணக்கிட்டு 1,800 ஆக வேண்டும். கையில் வருவது 720 குறையும், அது உண்மைதான். ஆனால் கம்பெனியும் அதே 720-ஐக் கூடுதலாகப் போட்டாக வேண்டும். உங்கள் பேசிக் 15,000-ஐத் தாண்டிவிட்டதால் இந்தத் தீர்ப்பு உங்கள் தொகையை மாற்றாது.

இன்னொன்று, சில சீட்டுகளில் பிடித்தம் பக்கத்தில் பிஎஃப் இரண்டு முறை இருக்கும், ஒன்று தொழிலாளி பங்கு, இன்னொன்று கம்பெனி பங்கு. வரவுப் பக்கத்திலும் கம்பெனி பங்கு ஒரு வரியாக ஏறியிருந்தால் அது வெறும் காட்சிக் கணக்கு, ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். வரவில் இல்லாமல் பிடித்தத்தில் மட்டும் இருந்தால், தன் பங்கைத் தொழிலாளியிடமே வசூலிக்கிறது கம்பெனி. அதற்குச் சட்டத்தில் இடமில்லை. உங்கள் சீட்டில் அந்தக் கோளாறு இல்லை.

சீட்டில் 1,800 என்று இருப்பதற்கும் கணக்கில் 1,800 சேர்ந்ததற்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. நான் சம்பளப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் ஓர் இடத்தில் ஏழு மாதம் பிடித்தார்கள், கட்டவில்லை. சீட்டு மட்டும் மாதாமாதம் ஒழுங்காக வந்தது. மகள் கல்யாணத்துக்கு முன்பணம் கேட்டுப் போன ஒருவருக்குத்தான் கணக்கு காலி என்பது தெரிந்தது. அப்போது பாஸ்புக்கை இப்படி வீட்டிலிருந்து பார்க்க முடியாது. இப்போது உமாங் செயலியிலோ பிஎஃப் அமைப்பின் பாஸ்புக் தளத்திலோ யூஏஎன் போட்டு இரண்டு நிமிடத்தில் பார்க்கலாம். ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கட்டிய பிறகு பாஸ்புக்கில் ஏறச் சில நாள் ஆகும். மாதக் கடைசியிலும் ஏறவில்லை என்றால் ஹெச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து காலியாக இருந்தால் பிஎஃப் அமைப்பின் குறைதீர்ப்புத் தளத்தில் சீட்டை இணைத்துப் புகார் போடலாம். அப்போதுதான் இந்தப் பேப்பர் சீட்டு முக்கியமாகும், ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

உங்கள் சீட்டில் உண்மையான பணம் சிக்கியிருப்பது கடைசி வரியில். டிடிஎஸ் 5,851. இதைப் பார்த்ததும் எனக்கு ஒரு நெருடல். வருடம் எட்டரை லட்சம் வாங்குகிறவருக்கு 2025-26 நிதியாண்டில் வரியே வரக் கூடாது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது கீழ் மூலையில், கையெழுத்து தேவையில்லை என்ற வழக்கமான வாசகத்துக்கு மேலே, பொடி எழுத்தில் வரி முறை 'பழையது' என்று இருக்கிறது. சேரும்போது ஒரு படிவத்தில் டிக் போடச் சொல்லியிருப்பார்கள். எதுவும் போடாமல் விட்டிருந்தால் புதிய முறைதான் தானாக வந்திருக்கும். பழையது என்று இருக்கிறதென்றால் யாரோ போட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் நீங்களேதான். வாடகைப்படியைக் காட்டி வரி மிச்சம் பிடிக்கலாம் என்று பக்கத்து இருக்கை நண்பர் சொல்லியிருக்கலாம். சில வருடங்களுக்கு முன் அது நல்ல யோசனைதான்.

5,851 எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். டிடிஎஸ் அந்த மாதச் சம்பளத்துக்கான வரி இல்லை. கம்பெனி உங்கள் முழு வருட வருமானத்தை ஊகித்து, வருட வரியைக் கணக்கிட்டு, இதுவரை பிடித்ததைக் கழித்து, மிச்ச மாதங்களுக்குப் பிரிக்கிறது. மாதம் 71,100 வீதம் பன்னிரண்டு மாதம், அதில் அந்த ஒரு நாள் லீவைக் கழித்தால் 8,50,830. பழைய முறையில் நிலையான கழிவு 50,000, தொழில்வரி 2,500, உங்கள் பிஎஃப் பங்கு 21,600 ஆகியவை போக வரிக்கு உட்படுவது 7,76,730. முதல் இரண்டரை லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த இரண்டரை லட்சத்துக்கு 5 சதவீதம், மீதிக்கு 20 சதவீதம். 67,846 வருகிறது. அதன் மேல் 4 சதவீத செஸ் சேர்த்தால் 70,560. ஆகஸ்ட் வரை மாதம் 5,921 வீதம் 29,605 பிடித்தாயிற்று. மிச்சத்தைச் செப்டம்பர் முதல் மார்ச் வரை ஏழு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 5,851. கம்பெனியின் கணக்கில் தவறே இல்லை, போட்ட முறைதான் உங்களுக்கு ஒத்துவராதது.

அதே வருமானத்தைப் புதிய முறையில் போடுங்கள். நிலையான கழிவு 75,000. மிச்சம் 7,75,830. நான்கு லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் எட்டு லட்சம் வரை 5 சதவீதம். சுமார் 18,800 ரூபாய் வரி. ஆனால் 2025-26-இல் வரிக்கு உட்படும் வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு 60,000 வரை வரித் தள்ளுபடி இருக்கிறது. அதனால் கட்ட வேண்டியது பூஜ்யம்.

வாடகையைக் காட்டினால் பழைய முறை ஜெயிக்காதா என்று நீங்கள் கேட்பீர்கள், போட்டுப் பார்த்துவிட்டேன். வருட வாடகை 1,44,000. அதில் பேசிக்கில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் சுமார் 1,08,000. கோவையில் பேசிக்கில் 40 சதவீதம் வரை அனுமதி, அது 1,44,000-க்குக் கொஞ்சம் கீழே. வாங்கும் வாடகைப்படி அதைவிட அதிகம். மூன்றில் எது குறைவோ அதற்குத்தான் விலக்கு, ஆக 1,08,000. வரி சுமார் 48,000 ஆகக் குறையும். அதோடு எல்ஐசி, வரி சேமிப்பு வைப்பு எல்லாம் சேர்த்து 1,50,000 வரை முழுதாக முதலீடு செய்தாலும் சுமார் 21,000 கட்டியாக வேண்டும். இந்தப் பக்கம் எதுவும் செய்யாமலே பூஜ்யம். வாடகை வருடம் ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணையும் கேட்டு அலைய வேண்டியிருக்கும், அதுவும் மிச்சம்.

பிடித்த பணம் போய்விடவில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பிடித்தது 35,456 ரூபாய், உங்கள் பான் எண்ணில் அரசிடம் இருக்கிறது. இருக்கிறதா என்பதை வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் என்ற அறிக்கையில் பாருங்கள். கம்பெனி காலாண்டுக் கணக்கைத் தாக்கல் செய்த பிறகுதான் அதில் ஏறும், ஜூலை முதல் செப்டம்பர் வரையான காலாண்டுக்குக் கடைசித் தேதி அக்டோபர் 31. அதனால் அக்டோபரில் முழுத் தொகையும் தெரியாவிட்டால் பயப்பட வேண்டாம், நவம்பரில் பாருங்கள். பிஎஃபுக்குப் பாஸ்புக் எப்படியோ, வரிக்கு இந்த அறிக்கை அப்படி. பான் எண்ணில் ஓர் எழுத்து மாறியிருந்தால்கூடப் பணம் இங்கே வராது.

இனிச் செய்ய வேண்டியது. சம்பளப் பிரிவுக்கு இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: இந்த நிதியாண்டுக்கு என்னைப் புதிய வரி முறைக்கு மாற்றவும், மாற்ற இயலாது என்றால் அதைப் பதிலில் தெரிவிக்கவும். நேரில் சொல்வதோடு விடாதீர்கள். சில கம்பெனிகள் நடுவில் மாற்றித் தருவார்கள், சில இடங்களில் ஏப்ரலில் சொன்னதுதான் வருடம் முழுக்க என்று கதவை மூடிவிடுவார்கள். மாற்றினார்கள் என்றால் டிடிஎஸ் நின்றுவிடும், லீவும் தொழில்வரியும் இல்லாத மாதத்தில் 69,300 கைக்கு வரும். ஆனால் இதுவரை பிடித்ததைக் கம்பெனி திருப்பித் தராது, அது ஏற்கெனவே அரசுக்குப் போய்விட்டது.

மாற்றவில்லை என்றாலும் நஷ்டம் இல்லை, காத்திருப்புத்தான். வியாபார வருமானம் இல்லாத சம்பளக்காரர், கம்பெனியில் எதைச் சொல்லியிருந்தாலும், வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது புதிய முறையைத் தேர்ந்தெடுக்கலாம். ஜூன் 15-க்குள் கம்பெனி, பிடித்த வரிக்குச் சான்றாக ஃபார்ம் 16 தர வேண்டும். அதை வாங்கி 26ஏஎஸ் தொகையோடு ஒப்பிட்டுவிட்டு, ஜூலை 31-க்குள் தாக்கல் செய்யுங்கள். வேறு வருமானம் எதுவும் இல்லாவிட்டால் பிடித்தது முழுவதும் திரும்ப வரும், கம்பெனி மாற்றித் தந்திருந்தால் 35,456, தராவிட்டால் 70,560-ஐ ஒட்டி. வங்கிக் கணக்கை அந்தத் தளத்தில் முன்கூட்டியே சரிபார்த்து வையுங்கள், பலருக்கு ரீஃபண்ட் நின்றுபோவது அங்கேதான். தாக்கல் செய்யாமல் விட்டால் யாரும் தேடி வந்து தர மாட்டார்கள்.

அடுத்த சீட்டு வந்ததும் டிடிஎஸ் வரியில் என்ன இருக்கிறது, மூலையில் எந்த முறை என்று இருக்கிறது என்ற இரண்டை மட்டும் எழுதுங்கள். படம் வேண்டாம்.